கடைசி ரீல்

ஞாயிற்றுக்கிழமையோடு தியேட்டரை மூடுகிறார்கள், கல்யாண மண்டபம் வருகிறதாம். மணப்பாறையில் எங்கள் தெருமுனைக் கொட்டகை அது. ஆபரேட்டர் மாமாவிடம் நான்கு வருடம் எடுபிடியாக இருந்தவன் என்பதால் அந்த வாரம் முழுக்க நானும் கேபினில்தான் கிடந்தேன்.

புதுப்படம் கொடுக்க ஆள் இல்லை, எல்லாம் டிஜிட்டலுக்குப் போய்விட்டது. கீறல் விழுந்த பழைய எம்.ஜி.ஆர். பிரிண்ட் ஒன்றைத்தான் ஓட்டினோம். மாலைக் காட்சிக்குப் பதினொரு பேர். மிஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி தீர்ந்துகொண்டே வந்ததால், வழக்கமாகத் தூக்கிப்போடும் துண்டுகளைக்கூட மாமா பொறுக்கி எடுத்து மாட்டினார். "வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளடிக்கும், பரவாயில்லடா."

சனிக்கிழமை ராத்திரி அத்தை சாப்பாடு கொண்டுவந்தவர் முதல்முறையாகப் படியேறி உள்ளே வந்தார். முப்பது வருடமாக வாசலிலேயே தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்!

"இந்த ஓட்டை வழியாவா பாப்பீங்க?"

"படம் எங்க பாத்தேன்? ரீல் முடியறப்ப வலது மேல் மூலைல புள்ளி வருதான்னு பாப்பேன். முதல் புள்ளி வந்தா அடுத்த மிஷினை ஓடவிடணும், ஏழெட்டு செகண்டுல ரெண்டாவது புள்ளி வரும், அப்ப மாத்தணும்."

அத்தை கண்ணைச் சுருக்கி ஓட்டையில் வைத்தார். ரீல் முடியப்போகிறது, மாமா அடுத்த மிஷின் பக்கம் போய் நின்றார், ஆனால் திரையைப் பார்க்கவில்லை.

"வந்துருச்சுங்க," என்றார் அத்தை.

மாமா மோட்டாரைத் தட்டினார்.