மாணவர் படங்களும் தானியங்கிப் பதிவுகளும்: எங்கள் டியூஷன் மையத்தின் விதிகள்

பிறந்தநாள் வாழ்த்து, தேர்வு மதிப்பெண், ஆண்டு விழாப் படங்கள் ஆகியவை எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் தினமும் காலை 7 மணிக்குத் தாமாகவே பதிவாகின்றன. அந்த நேரத்தில் படத்தைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. ஆகவே பார்க்க வேண்டியதை முதல் நாள் மாலையே பார்த்துவிட வேண்டும்.

1. ஒப்புதல் பதிவேட்டில் "ஆம்" என்று இருந்தால் மட்டுமே படம் வரிசையில் சேரும். கட்டம் காலியாக இருந்தால் "இல்லை" என்றே பொருள். வாட்ஸ்அப் குழுவில் யாரும் மறுக்கவில்லை என்பது ஒப்புதல் ஆகாது.

2. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தையே. பிளஸ் டூ மாணவருக்கு மீசை அரும்பியிருந்தாலும் வீட்டாரின் கையொப்பம் வேண்டும்.

3. ஒப்புதல் படிவம் சேர்க்கைப் படிவத்தோடு சேராமல் தனித்தாளில் இருக்கும். கையொப்பமிடாவிட்டாலும் சேர்க்கை உண்டு, கட்டணத்திலும் மாற்றமில்லை. அண்ணன், தங்கை இருவரும் படித்தால் இரண்டு படிவங்கள்.

பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "சேர்க்கை எண் 214, 7-ஆம் வகுப்பு, ஒப்புதல் தந்தவர் தாய், சேர்க்கையின்போது தந்த எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யப்பட்டது, விழாப் படம் ஆம், மதிப்பெண் இல்லை, பிறந்தநாள் இல்லை, மே 31 வரை." மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கிறோம். மேடையில் மகள் ஆடுவதைப் பெருமையாகக் காட்டும் தாய், அவளுடைய கணக்கு மதிப்பெண்ணை ஊருக்குச் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். தாயும் தந்தையும் வேறு வேறு பதில் சொன்னால் படம் போடுவதில்லை. பிள்ளையே "வேண்டாம் சார்" என்றால், கையொப்பம் இருந்தாலும் போடுவதில்லை.

4. குழுப் படத்தில் ஒருவருக்கு ஒப்புதல் இல்லையென்றாலும் அந்தப் படம் வேண்டாம். முகத்தின் மேல் பொம்மை ஒட்டி மறைக்கும் வேலையும் வேண்டாம். எல்லோரும் யாரென்று தேடுவதற்கு அதுவே வழி.

5. படத்தோடு முதல் பெயர் மட்டும் வரலாம். முழுப்பெயர், பிறந்த தேதி, பள்ளி அடையாள அட்டை, சைக்கிள் நிற்கும் வீட்டு வாசல் எதுவும் தெரியக்கூடாது. கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிய பிறகே பதிவேற்ற வேண்டும். கோப்பின் பெயர் சேர்க்கை எண்ணாக இருக்கட்டும்.

6. மாலை 6 மணிக்கு அலுவலகப் பொறுப்பாளர் மறுநாள் வரிசையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடுவார். அவர் விடுப்பில் இருந்தால் மறுநாள் பதிவு இல்லை. ஒரு நாள் வாழ்த்து தவறினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

7. ஒப்புதலைத் திரும்பப் பெற ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். காரணம் கேட்க மாட்டோம். வரிசையில் உள்ள படம் உடனே நிறுத்தப்படும், பக்கத்தில் உள்ளது 24 மணி நேரத்தில் நீக்கப்படும். அதற்குள் பிறர் எடுத்து வைத்துக்கொண்ட நகலை எங்களால் திரும்பப் பெற முடியாது. இதைப் படிவத்தின் முதல் வரியிலேயே அச்சிட்டிருக்கிறோம்.

மே 31-க்குப் பிறகு எல்லா ஒப்புதல்களும் காலாவதியாகும். புதிய படிவங்கள் வரும்வரை பக்கத்தில் வகுப்பு நேரம், விடுமுறை அறிவிப்புகள் மட்டும் வரும்.