ஸ்டார்ச் நிறுவனத்துப் பெரியவர்களுக்கு நான் அனுப்பிய குறிப்புகள்

தம்பி, நீ கேட்டபடி லிங்க்ட்இனில் இணைப்புக் கேட்டு அனுப்பியவற்றை ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே தருகிறேன். இணைப்புக் குறிப்புக்கு எழுத்துக் கட்டுப்பாடு உண்டு என்பதால் ஊர்க்கதைக்கு இடமில்லை.

தரக் கட்டுப்பாட்டுத் தலைவருக்கு (அன்று மாலையே ஏற்றுக்கொண்டார்):

"வணக்கம் மேடம். ஆத்தூர் அருகே ஒரு சேகோ ஆலை ஆய்வகத்தில் 6 ஆண்டுகளாக இருக்கிறேன். மழைநாளில் களத்தில் காயாத ஜவ்வரிசியின் ஈரப்பதம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுக்கும் அதே தொல்லைதான். நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்க விரும்புகிறேன்."

கொள்முதல் தலைவருக்கு:

"வணக்கம் சார். கெங்கவல்லிப் பக்கம் முள்ளுவாடி ரகம் போடும் விவசாயியின் மகன் நான். வேலை பார்ப்பது ஆலையில். கிழங்கின் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்க்கும்போது வரும் சண்டையை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். கொள்முதலிலேயே பழுத்த உங்கள் அனுபவத்தை அறிய ஆசை."

இவர் ஏற்றதோடு, "அப்பா இந்த ஆண்டு எத்தனை ஏக்கர்?" என்று அவராகவே கேட்டார்.

ஆலைப் பொது மேலாளர் விஷயத்தில் சொதப்பினேன். முதலில் அனுப்பியது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் பணிபுரிய மிகுந்த ஆவலாக உள்ளேன். எனது சுயவிவரத்தைப் பார்வையிட்டு வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கிணற்றில் போட்ட கல். ரேஷன் கடை மனு மாதிரி இருக்கிறது, இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது. திரும்பப் பெற்றுக்கொண்டேன்; அப்படிச் செய்தால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. காத்திருந்து அனுப்பியது:

"வணக்கம் சார். உங்கள் ஆலையில் திப்பி உலர்த்தும் இயந்திரத்தின் படத்தைப் பார்த்தேன். நாங்கள் இன்னும் களத்தில்தான் காயப்போடுகிறோம். விறகுச் செலவு போக மாட்டுத் தீவனத்தில் மிஞ்சுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் தொடர்பு கிடைத்தால் மகிழ்வேன்."

இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டார்.

மனிதவளத் தலைவருக்கு:

"வணக்கம் மேடம். நீங்கள் ஏற்காட்டில் படித்தவர் என்று பார்த்தேன். அம்மா பிறந்த ஊர் அது. தாத்தா காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. நான் ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மலையேறும்போதெல்லாம் இனி உங்கள் நினைவும் வரும்."

கடைசி வரி கொஞ்சம் அதிகம்தான். ஏற்றுக்கொண்டார், ஆனால் ஒன்றும் எழுதவில்லை.

நிர்வாக இயக்குநருக்கு, எல்லோரும் ஏற்ற பிறகு:

"வணக்கம் ஐயா. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மக்காச்சோள மாவு கலந்ததை நுண்ணோக்கியில் பிடிப்பது என் அன்றாட வேலை. உங்கள் தரப் பிரிவு மேடமுடன் இதுபற்றிப் பேசிவருகிறேன். நீங்கள் பகிர்வதையும் படிக்க விரும்புகிறேன்."

இவர் ஏற்க பதினோரு நாள் ஆயிற்று.

தர மேடம் ஏற்ற மறுநாள் அனுப்பியதையும் சேர்க்கிறேன். இதற்கு அந்த எழுத்துக் கட்டுப்பாடு இல்லை:

"ஏற்றுக்கொண்டதற்கு நன்றி மேடம். ஒரு சந்தேகம். ஈர மாவாக இருக்கும்போது கலப்படம் எளிதில் தெரிந்துவிடுகிறது: மரவள்ளித் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் மட்டும் வெட்டியதுபோல் இருக்கும், மக்காச்சோளத் துகள் கோணல்மாணலாக இருக்கும். ஆனால் தட்டில் வறுத்த முத்தில் மேற்பரப்பு வெந்து துகளின் உருவம் கலைந்துவிடுகிறது. நாங்கள் முத்தைப் பிளந்து நடுப்பகுதியைச் சுரண்டிப் பார்க்கிறோம். அதிலும் சில சமயம் ஏமாந்துவிடுகிறோம். நீங்கள் வேறு வழி வைத்திருக்கிறீர்களா? அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும்."

அவர் எழுதிய பதில்: "நாங்களும் சுரண்டித்தான் பார்க்கிறோம், ஏமாறவும் செய்கிறோம். நீங்கள் ஏமாந்த முத்து நாலைந்து இருந்தால் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை 11 மணிக்கு ஆய்வகத்தில் இருப்பேன்."

முத்துகளைத் தாளில் மடித்து, பழைய மருந்துப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஆத்தூர் பஸ்ஸில் போகிறேன்.

அண்ணன்