ஃப்யூஸ் பாக்ஸ் விவரம்

அண்ணே, அனுப்பின போட்டோ அழிஞ்சிடுச்சு, எழுத்துலயே சொல்றேன்.

வாசல் கதவுக்கு உள்பக்கம், தலைக்கு மேல மீட்டர். அதுக்குக் கீழே மெயின் ஸ்விட்ச், சிங்கிள் பேஸ். பக்கத்து மரப்பலகையில பழைய பீங்கான் ஃப்யூஸ் நாலு, ஒரே வரிசை. இடமிருந்து: ஹால் லைட்டு-ஃபேன், படுக்கையறை, சமையலறை, மோட்டார்.

தொந்தரவு மூணாவதுல. கேரியர் ஓரம் கருகி, பித்தளை முனை பச்சை பூத்திருக்கு. மிக்ஸி போட்டா உள்ளே சடசடங்குது. அதைக் கழட்டாம மெயினையே ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்.

சமையலறை போர்டுல அஞ்சு சுவிட்ச், ரெண்டு பிளக். கீழ் பிளக் 16 ஆம்பியர், அதுல எர்த் வயர் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. ஆர்சிசிபி எங்கேயும் இல்ல. வரும்போது எம்சிபி பாக்ஸும் சேர்த்து எடுத்துட்டு வாங்கண்ணே, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு.