நிறுவனர், ஓட்டல்களுக்கான காய்கறி விநியோகம், கோயம்புத்தூர் (ஜூன் 2018 – ஆகஸ்ட் 2021, மூடப்பட்டது)

ஒட்டன்சத்திரம் சந்தையில் மாலையில் காய்கறி வாங்கி, பழனி, பொள்ளாச்சி வழியாக இரவோடு இரவாகக் கொண்டுவந்து, விடியும் முன் கோவை ஓட்டல்களில் இறக்கினோம். உச்சத்தில் 41 ஓட்டல்கள், நாளொன்றுக்கு ஒன்றரை டன், ஒன்பது ஊழியர்கள். நிறுவனத்தை யாரும் வாங்கவில்லை, வேறொன்றோடு இணைக்கவுமில்லை. பணம் தீர்ந்தது, மூடினோம்.

கொரோனா ஊரடங்கில் ஓட்டல்கள் அடைபட்டதை நான் காரணமாகச் சொல்வதில்லை. 2020 ஜனவரிக் கணக்கிலேயே முடிவு தெரிந்துவிட்டது. கமிஷன் மண்டிக்கு மூன்று நாளில் பணம் கட்ட வேண்டும். ஓட்டல்கள் சராசரியாக அறுபது நாள் கழித்துத் தந்தன. தினமும் 36,000 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தால் ஏறத்தாழ 21 லட்சம் வெளியே நிற்கும். எங்கள் முதலே 24 லட்சம்தான். அதிலும் ஆறு லட்சத்தை ஒரு செயலிக்குச் செலவிட்டேன். சமையல்காரர்கள் கடைசிவரை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் ஆர்டர் சொன்னார்கள். ஒரு வாரம் அவர்கள் அடுப்படியில் நின்றிருந்தால் எனக்கு அது முதலிலேயே புரிந்திருக்கும்.

புதிய ஓட்டல் சேரும்போதெல்லாம் மகிழ்ந்தேன். ஒவ்வொன்றும் இரண்டு மாதக் கொள்முதல் பணத்தை விழுங்கியது. கடன் விற்பனையை நிறுத்திவிட்டுப் பதினைந்து ஓட்டல்களோடு நிற்கலாம் என்று 2019 தீபாவளிக்கு முன்பே என் கூட்டாளி சொன்னார். கேட்காமல், என் பெயரில் ஏழு லட்சம் கடன் வாங்கிப் பள்ளத்தை நிரப்பினேன். அவர் சொன்னது சரி. இதை அவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன்.

சரியாகச் செய்தவையும் உண்டு. சாக்குகளை விட்டுப் பிளாஸ்டிக் கிரேட்டுகளுக்கு மாறி, தக்காளிக் கழிவை நூற்றுக்குப் பன்னிரண்டு கிலோவிலிருந்து ஐந்தாகக் குறைத்தோம். அந்த வழியைக் கண்டுபிடித்தவர் எங்கள் லோடு ஓட்டுநர்; நான் பணம் ஒதுக்கினேன், அவ்வளவுதான்.

கடைசி மாதம் ஊழியர்களுக்குப் பாதிச் சம்பளமே தர முடிந்தது. மீதியை வண்டியை விற்று நான்கு மாதத்தில் கொடுத்தேன். மண்டிப் பாக்கி முழுவதும் தீர்த்த பிறகே, கம்பெனிப் பதிவாளரிடம் STK-2 படிவம் தாக்கல் செய்து பெயரை நீக்கினோம். ஓட்டல்களிடமிருந்து வராத 3,80,000 ரூபாயை வாராக்கடனாக எழுதிவிட்டோம். என் பெயரிலுள்ள கடனுக்கு இன்னும் தவணை கட்டுகிறேன்.

இப்போது கொள்முதல் அல்லது கிடங்கு மேலாண்மையில் வேலை தேடுகிறேன். நிலுவை வசூலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பென்றால் இன்னும் விருப்பம். விசாரிக்க விரும்புவோருக்கு என் கூட்டாளி, ஓட்டுநர், மண்டிக்காரர் ஆகிய மூவரின் எண்களையும் அவர்கள் சம்மதத்தோடு தருகிறேன்.