உதிரிப் பாகங்கள் இருப்புப் பதிவேடு: இருசக்கர வாகனப் பட்டறை, திண்டுக்கல் (31 மார்ச் 2024 நிலவரப்படி)

இந்தப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைகள், மார்ச் 30, 31 ஆகிய இரண்டு நாள்களும் பட்டறையை மூடிவைத்து, ஒவ்வொரு பெட்டியையும் கீழே இறக்கிக் கையால் எண்ணி எழுதியவை. பில் போடும் கணினியில் இருந்த கணக்குக்கும் பெட்டியில் இருந்த சரக்குக்கும் 11 பாகங்களில் வித்தியாசம் வந்தது. பெட்டியில் இருந்ததையே சரியெனக் கொண்டு கணினிக் கணக்கைத் திருத்தியிருக்கிறேன்.

பாக எண் கணினியில் தட்டச்சு செய்யும் வடிவிலேயே தரப்பட்டுள்ளது. முதல் இரண்டு எழுத்துகள் பாகத்தின் வகையையும், அடுத்து வரும் முதல் இலக்கம் வண்டியையும் குறிக்கும்: 1 ஸ்ப்ளெண்டர், 2 பல்சர் 150, 3 ஆக்டிவா, 4 எக்ஸ்எல், 5 புல்லட் மற்றும் கிளாசிக், 9 ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிக்குப் பொதுவானது. இது நமது பட்டறை எண். கம்பெனி எண் அட்டைப்பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் என்பதால், கடைசிப் பாகம் எடுக்கப்படும்வரை அட்டையைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். இருப்பிடம் ரேக், தட்டு, பெட்டி என்ற வரிசையில் எழுதப்படும். உதாரணமாக, க-2-05 என்றால் க ரேக்கில் கீழிருந்து இரண்டாவது தட்டில் இடமிருந்து ஐந்தாவது பெட்டி என்று பொருள்.

வண்டியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு பாகம் எடுக்க வேண்டாம் என்று எல்லா மெக்கானிக்குகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே பெயரில் பத்து ஆண்டுகளுக்கு மேல் விற்பனையாகும் வண்டிக்குள் என்ஜினே மாறியிருக்கிறது. ஆகவே இந்த முறை ‘பொருந்தும் வண்டி’ என்ற இடத்தில் பெயரோடு ஆண்டையோ, சிசியையோ, எரிபொருள் அமைப்பையோ சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

க ரேக்: பிரேக்

ஸ்ப்ளெண்டர் பின் பிரேக் ஷூ (BS-101) க-1-01இல் 14 செட், பல்சர் 150 பின் பிரேக் ஷூ (BS-201) க-1-02இல் 9 செட், ஆக்டிவா பின் பிரேக் ஷூ (BS-301) க-1-03இல் 11 செட் இருக்கின்றன. மூன்று வண்டிக்கும் பின் டிரம்மின் விட்டம் 130 மில்லிமீட்டர்தான் என்பதால் இவை அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஷூ ஊன்றும் ஆணியும் கேம் தொடும் முனையும் அமைந்திருக்கும் விதம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. டிரம்முக்குள் நுழைந்துவிட்டது என்பதற்காக அது பொருந்திவிட்டதாகக் கொள்ளக் கூடாது. கிளாசிக் 350 பின் ஷூ (BS-501), 153 மில்லிமீட்டர் டிரம்முக்கானது, க-1-06இல் 4 செட் இருக்கிறது. பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கிளாசிக்குக்கு இது உதவாது.

பல்சர் 150 முன் டிஸ்க் பேடு (BP-201) க-2-01இல் 7 செட் இருக்கிறது. இது 240 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ள, ஏபிஎஸ் இல்லாத வண்டிக்காக வாங்கியது. ஏபிஎஸ் உள்ள பல்சர் வந்தால், கழற்றிய பழைய பேடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பில் போட வேண்டும்.

பிரேக் ஆயில் டாட் 3 (BF-901) க-3-01இல் 8 டப்பாவும், டாட் 4 (BF-902) க-3-02இல் 6 டப்பாவும் உள்ளன. எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எழுதியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் ஆவியாகி, பிரேக் பிடிக்காமல் போய்விடும். ஆகையால் மூடி திறந்த டப்பாவை ரேக்கில் திரும்ப வைக்கக் கூடாது. எண்ணும்போது அப்படி இருந்த 3 டப்பாக்களை இருப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

ச ரேக்: செயின், கிளட்ச்

ஸ்ப்ளெண்டர் செயின் கிட் (CS-101) ச-1-01இல் 6, பல்சர் 150 செயின் கிட் (CS-201) ச-1-02இல் 5 இருக்கின்றன. இரண்டும் 428 அளவுச் செயின்தான், கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீட்டர், ஆனால் கண்ணிகளின் எண்ணிக்கையும் ஸ்பிராக்கெட்டும் வேறு. செயினை மட்டும் மாற்றிப் பழைய ஸ்பிராக்கெட்டை விட்டுவைத்தால் தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே இழுத்துவிடும். எனவே கிட்டைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். 346 சிசி கிளாசிக்குக்கான 530 அளவுச் செயின் கிட் (CS-501), 15.875 மில்லிமீட்டர் கண்ணி இடைவெளி கொண்டது, ச-1-05இல் 2 இருக்கிறது.

கிளட்ச் பிளேட்டில்தான் சென்ற ஆண்டு அதிகமான திருப்பல் நடந்தது. கிளாசிக் 350 என்ற பெயரில் இரண்டு வேறு என்ஜின்கள் ஓடுகின்றன: பழையது 346 சிசி யூசிஇ என்ஜின், 2021 செப்டம்பரில் வந்த புதிய வண்டியில் இருப்பது 349 சிசி என்ஜின். முதலாவதற்கு CP-501, ச-2-01இல் 5 செட். இரண்டாவதற்கு CP-502, ச-2-04இல் 2 செட். கை தவறி எடுக்காதபடி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வேண்டுமென்றே இரண்டு பெட்டிகளைக் காலியாக விட்டிருக்கிறேன். வாடிக்கையாளருக்கு ஆண்டு நினைவில்லை என்றால் ஆர்சியில் அச்சாகியிருக்கும் சிசியைப் பார்த்தால் போதும்.

ட ரேக்: எரிபொருள்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்தபோது, நாம் வேலை பார்க்கும் வண்டிகள் கார்பரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறின. ஆகையால் இந்த ரேக்கில் இருப்பவை அனைத்தும் அதற்கு முந்தைய வண்டிக்கானவை: ஸ்ப்ளெண்டர் கார்பரேட்டர் கிட் (CK-101) ட-1-01இல் 10, ஆக்டிவா கிட் (CK-301) ட-1-03இல் 7, எக்ஸ்எல் சூப்பர் கிட் (CK-401) ட-1-04இல் 6. இன்ஜெக்டரையோ பெட்ரோல் பம்பையோ நாம் இருப்பு வைப்பதில்லை. வேண்டும்போது வரவழைத்துக் கொடுக்கிறோம்.

எக்ஸ்எல் சூப்பர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது 69.9 சிசி டூ ஸ்ட்ரோக். எக்ஸ்எல் 100 என்பது 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். 2.50-16 டயரும் டியூபும் (TU-401, கூரைக் கொக்கி 4, டியூப் 12) இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் என்ஜின் பாகமும் பொருந்தும் என்று புதிதாக வரும் பையன்கள் நினைத்துவிடுகிறார்கள். எக்ஸ்எல் சூப்பருக்கான பிஸ்டன் ரிங் செட் (PR-401) ட-3-01இல் 9 இருக்கிறது, 8 மாதமாக ஒன்றுகூட நகரவில்லை. ஆனாலும் அதை மொத்தக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகும் பழைய வண்டிகள் இன்னும் நம்மிடம் வருகின்றன; அந்த வண்டி ஒரு நாள் நின்றால் அந்த வீட்டுக்கு அன்றைய வருமானம் நின்றுவிடும்.

த ரேக்: மின்சாரம்

ஹெட்லைட் பல்பு எச்எஸ்1, 12 வோல்ட் 35/35 வாட் (BL-901) த-1-01இல் 22 உள்ளது. இது ஸ்ப்ளெண்டருக்கும் பல்சர் 150க்கும் பொருந்தும். எச்4, 12 வோல்ட் 60/55 வாட் (BL-501) த-1-08இல் 6 உள்ளது. இது 346 சிசி புல்லட், கிளாசிக் வண்டிகளுக்கானது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சென்ற கார்த்திகையில் நமது பட்டறையிலேயே ஒரு ஸ்ப்ளெண்டருக்கு 60/55 வாட் பல்பைப் போட்டுக் கொடுத்து, இரண்டு வாரத்தில் ஹோல்டர் உருகி, டிம் சுவிட்சும் கருகி வண்டி திரும்பி வந்தது. செலவை நாம் ஏற்றோம். அதனால்தான் எச்4 பெட்டிக்கு மட்டும் சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறேன். ஆக்டிவா 5ஜியில் ஹெட்லைட் எல்இடி ஆகிவிட்டது, அதற்குப் பல்பு கிடையாது.

பிளக் கணக்கை வண்டிக்கு ஒன்று என்று போடக் கூடாது. பல்சர் 150 டிடிஎஸ்-ஐ வண்டிக்கு இரண்டு பிளக், 346 சிசி யூசிஇ கிளாசிக்குக்கும் இரண்டு, 349 சிசி கிளாசிக்குக்கு ஒன்று. SP-101 ஸ்ப்ளெண்டர் பிளக் த-2-01இல் 30. SP-201 பல்சர் பிளக் த-2-02இல் 24, அதாவது 12 வண்டிக்கு. SP-501 யூசிஇ பிளக் த-2-05இல் 8, அதாவது 4 வண்டிக்கு. கம்பெனி மாற்றிப் பிளக் போடும்போது வெப்ப எண்ணைக் கவனிக்க வேண்டும்: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக் என்று பொருள், போஷ் பிளக்கில் அது நேர் தலைகீழ்.

பேட்டரியில் 12 வோல்ட் 9 ஆம்பியர்-அவர் (BT-201, பழைய பல்சர் 150, த-4-01) 3ம், 14 ஆம்பியர்-அவர் (BT-501, யூசிஇ கிளாசிக், த-4-02) 2ம் உள்ளன. முதலில் வந்ததை முதலில் கொடுக்கவும்.

ப ரேக்: பேரிங்

பேரிங்குக்கு மட்டும் வண்டிப் பெயர் எழுதவில்லை. கழற்றிய பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து எடுப்பதே பிழையில்லாத வழி. எண் அழிந்திருந்தால் கீழே உள்ள அளவுகளை வெர்னியரால் அளந்து பார்க்கவும். வரிசை: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், மில்லிமீட்டரில்.

| பாக எண் | பேரிங் எண் | அளவு | இருப்பிடம் | இருப்பு |
|---|---|---|---|---|
| BR-901 | 6201 | 12 × 32 × 10 | ப-1-01 | 16 |
| BR-902 | 6202 | 15 × 35 × 11 | ப-1-02 | 10 |
| BR-903 | 6203 | 17 × 40 × 12 | ப-1-03 | 12 |
| BR-904 | 6301 | 12 × 37 × 12 | ப-2-01 | 18 |
| BR-905 | 6302 | 15 × 42 × 13 | ப-2-02 | 3 |

சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ள பேரிங்கையே கொடுக்க வேண்டும். எண்ணுக்குப் பின் 2RS என்று பொறித்திருக்கும்.

தரைப் பகுதி: ஆயில், டயர்

10W-30 ஆயிலில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் டப்பா ஒரே அளவு. ஜாசோ எம்பி என்று எழுதியது (OL-301, தரை 1, 15 டப்பா) ஆக்டிவாவுக்கு. ஜாசோ எம்ஏ என்று எழுதியது (OL-101, தரை 3, 20 டப்பா) ஸ்ப்ளெண்டருக்கு. எம்பி ஆயிலை ஸ்ப்ளெண்டரில் ஊற்றினால், ஆயிலிலேயே நனைந்து ஓடும் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். யூசிஇ கிளாசிக்குக்கு 15W-50 (OL-501) தரை 4இல் 6 டப்பா.

ஆக்டிவா டயர் 90/100-10 (TY-301) கூரைக் கொக்கி 1இல் 5 தொங்குகிறது. 5ஜி வரை முன், பின் இரண்டுக்கும் இதே அளவு; 2020இல் வந்த 6ஜியில் முன் சக்கரம் 12 அங்குலமாகி டயர் 90/90-12 ஆனது (TY-302, கொக்கி 2, இருப்பு 1). டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழையதை முன்னால் மாட்டியிருக்கிறேன்.

இன்று மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டர்: BR-905 பத்து, CP-502 மூன்று செட், TY-302 இரண்டு, CS-501 இரண்டு. அடுத்த எண்ணிக்கை செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை.