சப்ஜி கடையில் தீஜியே, லீஜியே: இந்தி தொடக்கப் பாடம்

தில்லி, மயூர் விஹார் பக்கம் ஒரு வாரச் சந்தை. சாயங்காலம் ஏழு மணி. மதுரையிலிருந்து வந்து மூன்று வாரமான மீனா, கையில் துணிப்பையோடு ஒரு தள்ளுவண்டி முன்னால் நிற்கிறாள்.

படிக்கும் முன் ஒன்று: 'தீஜியே'யில் வரும் தீ, 'தீபம்' என்பதில் வரும் தீ. 'ச' எல்லாம் 'ச்ச' போல, 'ஸ' வேறு.

மீனா: பய்யா, டமாட்டர் கைஸே தியே?
(அண்ணா, தக்காளி என்ன விலை?)

கடைக்காரர்: சாலீஸ் ருபயே கிலோ. ஆயியே தீதீ, தேக் லீஜியே.
(கிலோ 40 ரூபாய். வாங்கக்கா, பார்த்துக்கோங்க.)

மீனா: டீக் லகாயியே நா, பய்யா.
(சரியா விலை போடுங்கண்ணா.)

கடைக்காரர்: சலியே, பைந்தீஸ் தே தீஜியே.
(சரி, 35 கொடுத்துடுங்க.)

மீனா: மைங் குத் சாண்ட் லூங்?
(நானே பொறுக்கிக்கட்டுமா?)

கடைக்காரர்: ஹாங் ஹாங், சாண்ட் லீஜியே. பர் தபாயியே மத்.
(ஆங், பொறுக்கிக்கோங்க. ஆனா அமுக்காதீங்க.)

மீனா: ஏக் கிலோ தௌல் தீஜியே. ஆலூ?
(ஒரு கிலோ நிறுத்துக் கொடுங்க. உருளைக்கிழங்கு?)

கடைக்காரர்: தீஸ் ருபயே கிலோ.
(கிலோ 30.)

மீனா: டேட் கிலோ தே தீஜியே.
(ஒன்றரை கிலோ கொடுத்துடுங்க.)

கடைக்காரர்: தைலா இதர் கீஜியே.
(பையை இப்படி நீட்டுங்க.)

மீனா: ஜரா ருகியே. யே வாலா மத் டாலியே, ஸடா ஹுவா ஹை.
(கொஞ்சம் இருங்க. இதைப் போடாதீங்க, அழுகியிருக்கு.)

கடைக்காரர்: லாயியே, பதல் தேதா ஹூங்.
(கொண்டாங்க, மாத்தித் தர்றேன்.)

மீனா: தோடா தனியா-மிர்ச் பீ டால் தீஜியே.
(கொஞ்சம் கொத்தமல்லி, பச்சை மிளகாயும் போட்டுக் கொடுங்க.)

கடைக்காரர்: டால் தியா. அஸ்ஸீ ருபயே.
(போட்டாச்சு. 80 ரூபாய்.)

மீனா: யே லீஜியே, ஸௌ கா நோட்.
(இந்தாங்க, நூறு ரூபாய் நோட்டு.)

கடைக்காரர்: குல்லே தீஜியே நா, தீதீ.
(சில்லறையா குடுங்கக்கா.)

மீனா: நஹீங் ஹைங், பய்யா.
(இல்லைங்கண்ணா.)

கடைக்காரர்: அச்சா, யே லீஜியே பீஸ். ஃபிர் ஆயியேகா.
(சரி, இந்தாங்க 20. அப்புறம் வாங்க.)

இனி இதைப் பிரித்துப் பார்ப்போம். வினையோடு 'இயே' சேர்ந்தால் நம் 'உங்க': ருக் + இயே = ருகியே, 'இருங்க'. அவ்வளவுதான் சூத்திரம். நாலு வினை மட்டும் முறுக்கிக்கொள்ளும்: தேனா தீஜியே ஆகும், லேனா லீஜியே, கர்னா கீஜியே, பீனா பீஜியே. சந்தையில் இந்த நாலும் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடாது, அதனால் முதலில் இவற்றையே மனப்பாடம் செய்யுங்கள்.

'தௌல் தீஜியே', 'சாண்ட் லீஜியே' என்று இரண்டு வினை சேர்ந்து வருவதைப் பார்த்துப் பலர் மிரள்வார்கள். தமிழர் மிரள வேண்டாம். நிறுத்துக் கொடுங்க, பொறுக்கிக்கொள்ளுங்க: அதே கொடு, அதே கொள். வேலை மற்றவருக்காக என்றால் தீஜியே, தனக்காக என்றால் லீஜியே.

நண்பர்களிடமும் வயதில் சின்னவர்களிடமும் 'தோ' (கொடு) போதும். ஆனால் முன்பின் தெரியாத கடைக்காரரிடம் அது கொஞ்சம் வெட்டென்று இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு: 'தோ' என்றால் இரண்டு என்றும் பொருள். முதல் வாரம் மீனா 'டமாட்டர் தோ' என்று சொல்லி நிறுத்திவிட, பையில் இரண்டு கிலோ விழுந்தது. இரண்டு நாள் தக்காளித் தொக்கு. 'தே' பக்கமே போகாதீர்கள். அது 'டேய், குடுடா' ரகம்.

'தயவுசெய்து' என்பதற்கு 'கிருபயா' என்று அகராதி காட்டும். ரயில் நிலைய அறிவிப்பிலும் பலகையிலும் அது அழகு. தக்காளிக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். 'இயே'யிலேயே மரியாதை வந்துவிடுகிறது. இன்னும் குழைய வேண்டுமா? முன்னால் 'ஜரா', பின்னால் 'நா'. கடைசி வரியின் 'ஆயியேகா' இப்போதே அல்ல, பிறகு வாங்க என்று அழைப்பது.

நம் மளிகைக்கடையில் தனியா என்றால் கொத்தமல்லி விதை. இங்கே காய்கறி வண்டியில் கேட்டால் பச்சைத் தழைதான் வரும்.

பயிற்சிக்கு, மீனா திரும்பி வந்து கால் கிலோ வெண்டைக்காய் கேட்கிறாள். உரக்கச் சொல்லுங்கள்:

பய்யா, ஜரா ஏக் பாவ் பிண்டி தௌல் தீஜியே.