சேர்க்கைக் குறிப்பும் உணவுத் திட்டமும்: ஆண் குழந்தை, 14 மாதம், 6.00 கிலோ

ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம். சேர்க்கை: 09.06.2025, திங்கள். தயாரித்தது: மைய உணவியல் ஆலோசகர். பகல், இரவுப் பணி சிஸ்டர்களுக்கும் குழந்தையின் ஊர் அங்கன்வாடி டீச்சருக்கும்.

டீச்சர் கொடுத்த தாளில் இருந்தபடி

"எடை 6.2. நீளம் 70. கை 11.6, மஞ்சள். கால் வீக்கம் இல்லை. 4 நாளா பேதி, ஒரு நாளைக்கு 5 தடவை. பாட்டி சொல்றாங்க சவலை விழுந்துடுச்சுன்னு, தாயத்து கட்டியிருக்கு. வாழைப்பழம், முட்டை கொடுக்கிறதில்ல, சளி பிடிக்குமாம். காலையில டீயில பிஸ்கட். மத்தியானம் ரசம் சாதம் கொஞ்சம். சத்துமாவு வாங்கறாங்க, அக்காவும் சேர்ந்து சாப்பிடறா. ராத்திரி தாய்ப்பால் உண்டு. 'ரெண்டு டம்ளர் கஞ்சி குடிப்பான்'னு அம்மா சொன்னாங்க. 9 மாசத்தில வைட்டமின் ஏ போட்டாச்சு. அம்மா செங்கல் சூளை வேலை, 14 நாளுக்கு மேல தங்க முடியாதுங்கறாங்க. அக்காவுக்கு 4 வயசு."

டீச்சர், ஜவ்வாது மலையிலிருந்து பேருந்து ஏற்றி அவனை அன்றைக்கே நீங்கள் அனுப்பி வைத்ததுதான் பெரிய காரியம். அதனால் எண்கள் ஏன் மாறின என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கைச்சுற்றளவு நாடா தாயத்துக் கயிற்றின் மேல் படிந்திருக்கிறது. கயிற்றை அவிழ்த்து இடது மேல்கையின் நடுவில் நாங்கள் அளந்தபோது 11.1 செ.மீ. வந்தது. 11.5க்குக் கீழே போனால் சிவப்பு. எடையும் சட்டையில்லாமல் 6.00 கிலோதான். 70 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தைக்கு எடை 6.6க்குக் குறைந்தாலே மிகக் கடுமையான மெலிவு என்று உலக சுகாதார நிறுவன அட்டவணை சொல்கிறது. திட்டம் முழுவதும் 6.00, 11.1 என்ற எண்களின் மேல்தான் நிற்கிறது.

கஞ்சி பற்றி அம்மா சொன்னது பேதிக்கு முந்தைய நாட்களின் கதை. இங்கே செய்த பசிச் சோதனையில் இரண்டு வாய்க்கு மேல் அவன் வாங்கவில்லை. வீக்கம் இல்லாவிட்டாலும் பசி அற்றுப் போயிருக்கிறது, பேதியும் நிற்கவில்லை. வீட்டிலிருந்தபடி தேற்றும் நிலையில் அவன் இல்லை, சேர்க்கைக்குக் காரணம் இதுவே. சேர்க்கும்போது அக்குள் வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸ், ரத்தச் சர்க்கரை 58. இரண்டும் ஆபத்துக் கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் அதை ஒட்டியே நிற்கின்றன.

குறிப்புகளைப் பிரித்தது இப்படி. எடையும் பசியும் அட்டவணைக்கு வந்தன. பேதி, வெப்பம், சர்க்கரை, வைட்டமின் ஏ நான்கும் டாக்டர் தாளுக்குப் போயின. பாட்டியின் கவலை, அக்காவின் பங்கு, செங்கல் சூளை மூன்றையும் வீட்டுக் கட்டத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அவன் தேறுவதும் சறுக்குவதும் அவற்றைப் பொறுத்தே இருக்கும்.

மையத்தில் 21 நாள்

| நாள் | கட்டம் | உணவு | ஒரு வேளை | இடைவெளி | நாள் மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 1–2 | நிலைப்படுத்தல் | எஃப்-75 | 65 மி.லி. | 2 மணிக்கு ஒருமுறை, 12 வேளை | 780 மி.லி. |
| 3–4 | நிலைப்படுத்தல் | எஃப்-75 | 100 மி.லி. | 3 மணிக்கு ஒருமுறை, 8 வேளை | 800 மி.லி. |
| 5 | நிலைப்படுத்தல் | எஃப்-75 | 130 மி.லி. | 4 மணிக்கு ஒருமுறை, 6 வேளை | 780 மி.லி. |
| 6–7 | மாற்றம் | எஃப்-100 | 130 மி.லி. | 4 மணிக்கு ஒருமுறை, 6 வேளை | 780 மி.லி. |
| 8–14 | தேற்றல் | எஃப்-100 | 140இல் தொடங்கி வேளைக்கு 10 கூட்டி, மிச்சம் வைக்கும் வரை. உச்சம் 220 | 4 மணிக்கு ஒருமுறை, 6 வேளை | 900–1320 மி.லி. |
| 15–21 | தேற்றல், வீட்டுச் சாப்பாடு பழக்கல் | எஃப்-100, பருப்புப் பொங்கல் | பால் 200 மி.லி.; பொங்கல் ஒரு சின்னக் கிண்ணம் | பால் 5 வேளை, பொங்கல் மதியம் | பால் 1000 மி.லி., பொங்கல் ஒரு வேளை |

ஒவ்வொரு வேளையும் முதலில் தாய்ப்பால், பிறகு கிண்ணம். தாய்ப்பால் இந்தக் கணக்கில் சேராது.

1 லிட்டர் எஃப்-75க்கு: பசும்பால் 300 மி.லி., சர்க்கரை 100 கிராம், எண்ணெய் 20 மி.லி., தாது உப்புக் கரைசல் 20 மி.லி., மீதி காய்ச்சி ஆறிய தண்ணீர். எஃப்-100க்கு: பசும்பால் 880 மி.லி., சர்க்கரை 75 கிராம், எண்ணெயும் கரைசலும் அதே அளவு, மீதி தண்ணீர்.

5ஆம் நாளும் 6ஆம் நாளும் அளவு ஒன்றாக இருப்பதைப் பார்த்து எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அதே 780 மி.லி.யில் முதலில் 585 கலோரி இருந்தது, மறுநாள் 780 கலோரி. கிலோவுக்கு 98 என்பது 130 ஆகிறது. இளைத்த குழந்தையின் இதயமும் சிறுநீரகமும் குறைந்த வேலைக்குப் பழகிவிட்டவை. அடர்த்தியையும் அளவையும் ஒரே நாளில் ஏற்றினால் அவை திணறும். 'பாவம், பசியோடு அழறானே' என்று முதல் வாரத்தில் கூடுதலாக ஊற்றும் கைதான் எனக்குப் பயம். அவன் அழுதால் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள், கிண்ணத்து அளவைத் தொடாதீர்கள்.

6, 7ஆம் நாட்களில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சும் நாடியும் எண்ணி எழுதுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 5ம் நாடி 25ம் கூடி, அடுத்த முறை எண்ணும்போதும் அப்படியே இருந்தால் வேளைக்கு 95 மி.லி.யாகக் குறைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மறுநாள் 115, அதற்கடுத்த இரண்டு நாள் 130. பிறகுதான் 10 கூட்டும் கணக்கு.

நாள் எண் வழிகாட்டி மட்டுமே. பசி திரும்பிய பிறகுதான் மாற்றக் கட்டம். 5ஆம் நாளும் கிண்ணம் காலியாகாவிட்டால் எஃப்-75 தொடரட்டும், தேதிகளை நான் தள்ளி எழுதித் தருகிறேன். ஒரு நாளில் 625 மி.லி.க்குக் குறைவாகக் குடித்தால், அதாவது 780இல் ஐந்தில் நான்கு பங்கு இறங்காவிட்டால், மூக்குக் குழாய் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இரவுப் பணி சிஸ்டருக்குத் தனியாக: முதல் இரண்டு நாள் 12, 2, 4 மணி மூன்றும் தவறக்கூடாது. 58 என்ற சர்க்கரை 54க்குக் கீழே நழுவ ஒரு வேளை விட்டுப்போனால் போதும். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். அம்மாவின் மார்போடு அணைத்துப் போர்த்தி, தலைக்குக் குல்லா போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ரீசோமல் 50 முதல் 100 மி.லி. வரை கரண்டியில். சாதாரண ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அப்படியே கரைத்துக் கொடுக்க வேண்டாம், இந்தக் குழந்தைக்கு அதில் உப்பு அதிகம்.

இரும்புச்சத்து மருந்து முதல் வாரம் கிடையாது. கண்ணிமை வெளுத்திருப்பதைப் பார்த்து யாராவது கேட்பார்கள். தொற்று இருக்கும் உடம்பில் ஆரம்பத்திலேயே இரும்பு கொடுத்தால் நிலை மோசமாகலாம். எடை ஏறத் தொடங்கி எஃப்-100 ஓடும்போது, கிலோவுக்கு 3 மி.கி. கணக்கில் டாக்டர் எழுதுவார்.

வார எடை இலக்கு

| எடை பார்க்கும் நாள் | இலக்கு | இதற்குக் கீழே என்றால் காரணம் தேடு |
|---|---|---|
| 09.06 சேர்க்கை | 6.00 | – |
| 16.06 | 6.05 | 5.90 |
| 23.06 | 6.47 | 6.26 |
| 30.06 | 6.92 | முந்தைய வார எடையோடு 220 கிராம் கூட்டியது |
| 07.07 | 7.07 | 6.92 |
| 14.07 | 7.22 | 7.00 |
| 21.07 | 7.37 | 7.15 |
| 28.07 | 7.52 | 7.30 |
| 04.08 | 7.67 | 7.45 |

முதல் வாரத்தில் எடை ஏற வேண்டியதில்லை. அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'ஒரு வாரம் கிடந்தும் ஏறலையே' என்று மூட்டை கட்டிவிடுவார். இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் என்று வைத்திருக்கிறேன். 5 கிராமுக்குக் கீழே போனால் தேற்றம் மோசம் என்று பொருள். அப்போது முதலில் கிண்ணத்தில் மிச்சம் விழுகிறதா, இரவு வேளை நடக்கிறதா என்று பாருங்கள், பிறகு தொற்று. தினமும் காலை முதல் வேளைக்கு முன், உடையில்லாமல், அதே தராசில் எடை.

சேர்க்கை எடையில் 15 விழுக்காடு கூடினால் 6.90. நன்றாகப் போனால் ஜூன் 30 காலை அதைத் தொடுகிறான். 14ஆம் நாளில் அவன் ஏறக்குறைய 6.47இல்தான் இருப்பான், அந்த எடையில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் சிரமம் உண்மையானது. இங்கே தங்கும் நாட்களுக்கான கூலி ஈட்டுத்தொகைக்கு முதல் நாளே விண்ணப்பம் எழுதிவிட்டோம், மூன்று வாரத்துக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறோம். 10ஆம் நாள் வாக்கில் அவன் சிரிக்கத் தொடங்குவான், அப்போது நானே அவரிடம் பேசுகிறேன்.

வீட்டில், ஜூலை முதல்

7 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 1050 கலோரி வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி:

| வேளை | என்ன | அளவு |
|---|---|---|
| காலை 7 | சத்துமாவுக் கஞ்சி, வெல்லம், எண்ணெய் | மாவு 50 கிராம், வெல்லம் 2 டீஸ்பூன், எண்ணெய் 1 டீஸ்பூன் |
| 10 | அவித்த முட்டை, மசித்தது | 1 |
| மதியம் 1 | குழைந்த சாதம், கெட்டிப் பருப்பு, எண்ணெய் | சாதம் 100 கிராம், வேகாத பருப்பு 30 கிராம், எண்ணெய் 1 டீஸ்பூன் |
| 4 | சத்துமாவுக் கஞ்சி | காலை அளவே |
| மாலை 6 | பால், பாதி வாழைப்பழம் | பால் 150 மி.லி. |
| இரவு 8 | பருப்பு சாதம் | மதியம் எடுத்து வைத்த பாதி |

தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம். டீ வேண்டாம்.

மதிய அளவு அவனுக்கு ஒரே மூச்சில் இறங்காது. பாதியை மூடி வைத்து, இரவு நன்றாகச் சூடு பண்ணிக் கொடுக்கட்டும்.

பாட்டியிடம் வாதாடாதீர்கள், டீச்சர். தாயத்து இருக்கட்டும், கயிற்றை மட்டும் இடுப்புக்கு மாற்றிக் கட்டச் சொல்லுங்கள், நாடாவுக்கு இடம் கிடைக்கும். முட்டையும் பழமும் சளி பிடிக்கும் என்பவரிடம், அவற்றைச் சாப்பிட்டும் அவனுக்குச் சளி வராததை அவன் அம்மா சொல்லட்டும். உங்கள் வாயால் சொல்வதைவிட அவர் சொன்னால் பாட்டி கேட்பார். சத்துமாவு அக்காவோடு பங்கு போகிறது என்பதை நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இந்த அட்டவணை காகிதத்தோடு நின்றிருக்கும். நாளுக்கு 100 கிராம் மாவு அவனுக்கென்று தனி டப்பாவில், மூடியில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள்.

ஒவ்வொரு திங்களும் எடையும் கையளவும். 21.07 அன்று நீளமும் அளந்து எனக்குச் சொல்லுங்கள். 70 செ.மீ. நீளத்துக்கு எடை 7.2க்குக் குறைந்தால் மெலிவு, அவன் வளர்ந்திருந்தால் அந்தக் கோடும் மேலே நகரும். கை 12.5 செ.மீ. தொட்டு இரண்டு வாரம் அங்கேயே நின்றால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். எடை இரண்டு வாரம் தொடர்ந்து ஏறாவிட்டாலோ, பாதம் இரண்டும் வீங்கினாலோ, மறுபடி சாப்பிட மறுத்தாலோ அடுத்த திங்கள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அனுப்புங்கள்.

அந்த 4 வயது அக்காவை இதுவரை யாரும் அளக்கவில்லை. இந்த வியாழன் எடை, உயரம், கை மூன்றையும் எடுத்து அனுப்புங்கள். அம்மா இங்கே இருக்கும் மூன்று வாரமும் மதியச் சாப்பாட்டுக்கு அவள் உங்கள் மையத்துக்கு வரட்டும்.